ஏக்கருக்கு 70 தென்னை, எங்கள் தோப்பில் 60

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் ஒரு ஏக்கர் வாங்கியிருக்கிறேன். தென்னை எத்தனை அடி இடைவெளியில் நடுவது? 100 மரம் நடலாமா? மா என்றால் எத்தனை வரும்?

நெட்டை என்றாலும் ஒட்டு என்றாலும் 25 அடிக்குக் கீழே போகாதீர்கள். என்னைக் கேட்டால் 27 அடி. நூறு நடலாம் என்று உங்களுக்குச் சொன்னவர் பெரும்பாலும் நாற்று விற்கிறவராகத்தான் இருப்பார். நாற்றைக் கொடுத்துக் காசு வாங்கியதோடு அவர் வேலை முடிந்தது. உங்களுக்கும் அந்த மரத்துக்கும் அறுபது வருஷப் பேச்சு இருக்கிறது.

70 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏக்கர் 43,560 சதுர அடி. 25க்கு 25 என்றால் ஒரு மரத்துக்கு 625 சதுர அடி. வகுத்தால் 69.7 வரும், அதைத்தான் 70 என்கிறார்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் 25 அடிதான், ஹெக்டேருக்கு 175 மரம். கணக்கில் தப்பில்லை. ஆனால் நிலம் நீள அகலத்தோடு இருக்கிறது, வேலியோரம் விட வேண்டியது இருக்கிறது. இதை எங்கள் நிலத்தை வைத்தே சொல்கிறேன்.

அப்பாரு என்றால் எங்கள் பக்கம் தாத்தா. அவரும் அவர் தம்பி சின்ன அப்பாருவும் பாகம் பிரித்துக்கொண்டபோது ஆளுக்கு ஒரு ஏக்கர் வந்தது. இரண்டும் 132 அடி அகலம், 330 அடி நீளம், நடுவில் ஒரே வரப்பு. மண் ஒன்று, பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட வாய்க்கால் தண்ணீர் வரும் முறையும் ஒன்று. அப்பாரு 27 அடிக்கு ஒன்று நட்டார். அகலவாக்கில் ஓரத்துக்கு 12 அடி விட்டு ஐந்து வரிசை, நீளவாக்கில் 12 மரம், ஆக 60. சின்ன அப்பாரு 20 அடிக்கு ஒன்று நட்டார். ஆறு வரிசை, வரிசைக்கு 16, ஆக 96. இதே நிலத்தில் 25 அடி வைத்திருந்தால் ஐந்து வரிசை, வரிசைக்கு 13, ஆக 65தான் வந்திருக்கும். 70 வராது. கிணறு, மோட்டார் ரூம், வண்டித்தடம் என்று போனால் அதிலும் சில குறையும்.

அப்பாருவை அன்றைக்கு ஊரில் பேசாதவர்கள் இல்லை. "இத்தன எடத்த வெறுமெனே உட்டுப்போட்டயே, பைத்தியமா?" என்று சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். அவர் பதில் சொன்னதில்லை. இன்று அந்தத் தோப்பைப் பார்த்துக்கொள்வது நான். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் பத்து வருஷம் சின்ன அப்பாருவின் தோப்புதான் நன்றாகத் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மரம் அதிகம், பாளை விடத் தொடங்கியதும் காயும் அதிகம். நெருக்கி நட்டவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மட்டைகள் முழு நீளத்துக்கு வந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட பிறகுதான் வித்தியாசம் தெரியவரும். அதற்குள் மரத்தை நகர்த்தவா முடியும்?

காரணம் வேர் இல்லை, வெளிச்சம். தென்னையின் வேலை செய்யும் வேர்களில் பெரும்பகுதி தண்டைச் சுற்றி ஆறேழு அடிக்குள்ளேயே இருக்கிறது. வட்டப்பாத்தியை ஆறடி ஆரத்தில் எடுக்கச் சொல்வது அதனால்தான். வேரை மட்டும் பார்த்தால் 15 அடியே போதும். மேலே பாருங்கள். நல்ல நெட்டை மரத்தின் மட்டை 16, 18 அடி நீளம். அது வளைந்து இறங்குவதால் தண்டிலிருந்து பக்கவாட்டில் 12, 13 அடி எட்டும். இரண்டு மரத்துக்கு 25 அடி என்பது இங்கிருந்து வருகிறது. மாதம் ஒரு மட்டை விரிகிறது, ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. மட்டைக்கு வெயில் படவில்லை என்றால் பாளை மெலியும், குரும்பை கொட்டும், அடிமட்டை சீக்கிரம் காய்ந்து விழும்.

சின்ன அப்பாரு தோப்பின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும். காற்றடித்தால் மட்டை நுனிகள் பக்கத்து மரத்தின் மட்டையில் உரசி, கீற்று நார்நாராகக் கிழிந்திருக்கும். தண்டு எங்கள் மரத்தைவிட ஒல்லி, உயரம் அதிகம். வெயிலைத் தேடி ஏறியிருக்கிறது. எங்களுக்குக் காய் போடும் மரமேறி அங்கே ஏறிவிட்டு வந்தால், "அங்க கொலைய விட மட்டைதானுங்க ஜாஸ்தி" என்பார்.

நெருக்கத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. வேலியோர மரத்தையும் நடு மரத்தையும் தனித்தனியாக எண்ணுங்கள். அங்கே ஓர மரங்கள் வருஷத்துக்கு 90 காய் தருகின்றன, நடு மரங்கள் 50ஐத் தாண்டுவதில்லை. உரமும் தண்ணீரும் ஒன்றாக இருந்து ஓரம் மட்டும் நன்றாகக் காய்த்தால் குறை வெளிச்சத்தில்தான். எங்கள் தோப்பில் ஓரத்துக்கும் நடுவுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, சராசரி 110.

இப்போது ஒருவர் வந்து கணக்குப் போடுவார் என்று தெரியும், நானே போட்டுவிடுகிறேன். அங்கே 96 மரத்தில் 40 ஓர மரம், 56 நடு மரம். ஓரத்தில் 3,600, நடுவில் 2,800, மொத்தம் 6,400 காய். எங்களுக்கு 60 மரத்தில் 6,600. காய் ஏறக்குறைய ஒன்றுதானே என்றால், ஆமாம், ஒன்றுதான். ஆனால் மரமேறிக்கு மரக்கணக்கில்தான் கூலி. உரம் மரக்கணக்கு, சொட்டுநீர்க் குழாய் மரக்கணக்கு, வட்டப்பாத்தி வெட்டுவதும் மரக்கணக்கு. 36 மரத்துக்கு அவர்கள் செய்யும் செலவு அத்தனையும் அதே காய்க்குத்தான். மேலும், ஒரு ஏக்கர் என்பதால்தான் ஓர மரம் 40 இருக்கிறது. பத்து ஏக்கரை ஒரே பரப்பாக 20 அடியில் நட்டால் ஓரத்தின் பங்கு வெகுவாகக் குறைந்து, பெரும்பாலும் அந்த 50 காய் மரமாகவே இருக்கும்.

இன்னொன்று, எங்கள் 27 அடியில் கொக்கோ நிற்கிறது. ஆனைமலைப் பக்கம் பலர் ஜாதிக்காய் வைத்திருக்கிறார்கள். சின்ன அப்பாரு தோப்பில் கீழே வாழை வைத்துப் பார்த்தார்கள், தார் சிறுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

ஒரு வரிசை மரத்தை அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக வைக்கும் முக்கோண நடவில் 15 சதவீதம் கூடுதலாக நடலாம் என்று எழுதுகிறார்களே என்று கேட்பீர்கள். பெரிய சதுரமான பரப்பில் உண்மை. மரத்துக்கு மரம் 25 அடி என்றால் அதில் வரிசைக்கு வரிசை 21 அடி 8 அங்குலம். எங்கள் 132 அடி அகலத்தில், நீளவாக்கில் வரிசை போட்டால் அப்போதும் ஐந்து வரிசைதான் வரும். ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் 12 மரம் என்பதால் மொத்தம் 63. சதுர நடவைவிட இரண்டு குறைவு! குறுக்குவாக்கில் வரிசை போட்டால் 68 வரும், மூன்று மரம் லாபம். உங்கள் நிலம் நீளத்துண்டாக இருந்தால் இதற்காக மெனக்கெட வேண்டாம்.

20 அடிக்கு இறங்கலாம் என்பது ஒரே இடத்தில். வரப்பு ஓரமாக ஒற்றை வரிசை வைக்கும்போது. இரண்டு பக்கமும் வெயில் விழும், தாங்கும். இளநீருக்காகக் குட்டை ரகம் மட்டும் நடுகிறீர்கள் என்றால் 22 அடி வைக்கலாம், மட்டை சிறியது. எங்கள் அளவு நிலத்தில் ஓரத்துக்கு 11 அடி விட்டால் ஆறு வரிசை, வரிசைக்கு 15, சரியாக 90 வரும். அந்த 90ஐ நெட்டைக்குப் போட்டுவிடாதீர்கள்.

குட்டை தவிர எதை நட்டாலும் பக்கத்துக்காரர் வேலியிலிருந்து 12 அடி உள்ளே வாருங்கள். மட்டை அவர் பக்கம் சாய்ந்து காய் அங்கே விழுந்தால் பஞ்சாயத்து வருஷா வருஷம் நடக்கும்.

ஏற்கனவே 20 அடியில் நட்டுவிட்டவர்கள் படித்தால், ஒன்றுவிட்டு ஒன்றாக, சதுரங்கக் கட்டத்தில் ஒரே நிறத்தை எடுப்பதுபோல் எடுத்தால் மிஞ்சும் மரங்களுக்கு இடையே 28 அடி கிடைக்கும். 96 என்பது 48 ஆகும். காய்க்கிற மரத்தை வெட்ட யாருக்கும் கை வராது, சின்ன அப்பாரு வீட்டிலும் வரவில்லை, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மட்டை கோக்கத் தொடங்கும் வயதிலேயே எடுத்துவிட்டால் மிஞ்சியது தேறும். தண்டு ஒல்லியாகி உயர்ந்த பிறகு எடுத்தால் பலன் பாதிதான்.

மாவுக்கு வருகிறேன். 30 அடிக்கு ஒன்று என்றால் கணக்குப்படி 48. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அடர் நடவு என்றால் 160. மூன்றுக்கு இரண்டு மீட்டர் என்றால் 674 வரை போகிறார்கள். மாவில் இது நடக்கும், ஏனென்றால் அறுவடை முடிந்ததும் கிளையை வெட்டி மரத்தை அடக்கி வைக்கலாம், புதுத் துளிர் வரும். வருஷா வருஷம் வெட்ட ஆளும் சொட்டுநீரும் இருந்தால் மட்டும் அதில் இறங்குங்கள். தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. அதை வெட்டினால் மரம் போச்சு, பச்சை மட்டையைக் கழித்தால் பாளை போச்சு. மாவில் அடர் நடவு செய்கிறார்களே, தென்னையில் ஏன் கூடாது என்பவர்களுக்கு இதுதான் பதில்.

இடைவெளிக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை. இத்தனை கணக்குப் பார்த்து மரத்துக்குப் பத்துக் காய் கூட்டினால், வாங்க வருகிற வியாபாரி லாபக்காய் என்று ஒரு பங்கை விலை போடாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். அடிபட்டது, சிறுத்தது என்று கழிப்பது தனி. லாபக்காய் அதற்கும் மேல். வேறு எந்த விளைச்சலில் எண்ணி முடித்த பிறகு மேலே அள்ளிக் கொடுக்கிறோம்? கேட்டால் "எல்லாத் தோட்டத்துலயும் இதுதானுங்க வழக்கம்" என்கிறார்கள். வெள்ளை ஈயிலும் வேர் வாடலிலும் மிஞ்சிய காய் அது.

சரி, வேலைக்கு வருவோம். நாற்றுக்குப் பணம் கட்டுவதற்கு முன் நிலத்தில் முளைக்குச்சி அடியுங்கள். ஒரு மூலையில் நின்று ஒரு பக்கம் 30 அடி, மறு பக்கம் 40 அடி அளந்து, இரண்டு முனைக்கும் நடுவே 50 அடி வந்தால் மூலை மட்டம் சரி. நைலான் கயிற்றை நம்ப வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். டேப் வைத்து அளங்கள். மூன்றடிக் குழி எடுக்கும்போது குச்சி போய்விடும், அதனால் குழிக்கு இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் இரண்டு குச்சி அடித்து வைத்தால் நாற்றை நடுவில் வைக்கலாம். குச்சிகளை எண்ணி, போக்குக்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக நாற்று வாங்குங்கள். அந்தக் கூடுதல் நாற்றை ஒரு மூலையில் வளர்த்து, பட்டுப்போன இடத்தில் முதல் வருஷத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள். மூன்று நாலு வருஷம் கழித்து வைத்தால் சுற்றியிருக்கும் மரங்களின் நிழலில் அது எழுந்திருக்காது, 27 அடி விட்டிருந்தாலும்.