அப்பாவுக்கு ஒரு கெலுலுட் கூடு

கேள்வி: அக்கா, அப்பா செம்பனை ஆலையில் 36 வருஷம் ஃபிட்டராக இருந்தார். 60 வயது முடிந்து மூன்று மாதத்துக்கு முன் வேலையை விட்டு வந்தார். இப்போது சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் வீட்டில் அம்மாவோடு இருக்கிறார். இன்னமும் விடிகாலை நாலரைக்கு எழுந்து, சட்டை போட்டுக்கொண்டு ஹாலில் நடக்கிறார். நன்றாக இருக்கிற வாசல் கேட்டை மூன்று தடவை கழற்றி மாட்டிவிட்டார். தம்பி மசாஜ் நாற்காலி வாங்கலாம் என்கிறான். போன பிறந்தநாளுக்குப் பிரஷர் பார்க்கும் மெஷின் கொடுத்தோம், அப்பா முகம் சுருங்கிப்போனது. 600 ரிங்கிட்டுக்குள் வேறு என்ன வாங்கலாம்? – மகள், கிள்ளான்

பதில்: மசாஜ் நாற்காலி வேண்டாம் அம்மா. என் அப்பா தோட்டத்து வேலையை விட்டு வந்தபோது நானும் கால் பிடித்துவிடும் மெஷின்தான் வாங்கிப் போனேன். "எனக்குக் கால் வலிக்குதுன்னு உன்கிட்ட யார் சொன்னா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கப்புறம் அதை அவர் தொடவே இல்லை. உடம்பைப் பார்த்து வாங்கும் எதுவும் அப்படித்தான் போய்ச் சேரும். பெரிய எழுத்துப் போன், விழுந்தால் பிள்ளைக்குச் செய்தி அனுப்பும் கைக்கடிகாரம், வைட்டமின் டப்பா எல்லாம் அதே கணக்கு.

உங்கள் அப்பாவுக்கு நான் சொல்வது ஒரு கெலுலுட் கூடு. கொட்டாத சின்னக் கறுப்புத் தேனீ. நம் ஊரில் கொசுத்தேனீ என்றும் சொல்வோம். ஃபிட்டராக இருந்தவருக்கு இது ஏன் பொருந்தும் என்றால், கூட்டை மட்டும் வாங்கினால் போதாது. அதற்கு இரும்பில் ஒரு ஸ்டேண்டு வேண்டும், மேலே கூரை வேண்டும், கால்களில் எறும்பு ஏறாமல் தடுக்க ஏற்பாடு வேண்டும். அந்த மூன்றையும் நீங்கள் வாங்கக் கூடாது. கூட்டைக் காட்டி, "அப்பா, இதுக்கு ஸ்டேண்டு எப்படி அடிக்கலாம்?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி வேலை அவருடையது.

வாங்கும் முன் இடத்தைப் பாருங்கள். தாமான் வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டடி இடம் போதும். காலை வெயில் பட வேண்டும், மதியத்தில் நிழல் வேண்டும். இந்தத் தேனீ சுமார் அரைக் கிலோமீட்டர் சுற்றிலேயே இரை தேடும். அதனால் அந்தச் சுற்றுக்குள் பூ இருக்கிறதா என்பதுதான் முக்கியம். தென்னை, முருங்கை, துளசி, வேலியில் படரும் பிங்க் நிறக் கொடிப்பூ இருந்தாலே நல்லது. பக்கத்தில் ரப்பர் தோட்டம் இருந்தால் இன்னும் நல்லது, ரப்பர்த் தளிரில் சுரக்கும் இனிப்பையும் இவை எடுக்கும். வெறும் செம்பனை மட்டும் சூழ்ந்த இடத்தில் மகரந்தம் கிடைக்கும், தேன் குறைவாகத்தான் கிடைக்கும். அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கொட்டாது என்றாலும், கூட்டைத் திறக்கும்போது தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், பிசினையும் ஒட்டிவிடும்.

இப்போது வாங்கும் விஷயம். சந்தையில் அதிகம் கிடைப்பது இத்தாமா என்ற இனம். அதுவே முதல் கூட்டுக்குச் சரி. தொராசிக்கா என்று இன்னொன்று உண்டு. பெரியது, தேனும் அதிகம், விலையும் அதிகம், முதலில் வேண்டாம். ஒரு மரக்கட்டைக்குள் தேனீக் குடும்பம் இருக்கும், அதன் தலையில் ஒரு பலகைப் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியைத்தான் டாப்பிங் என்பார்கள். டாப்பிங்கோடு 300, 400 ரிங்கிட் என்று சொல்கிறார்கள், ஊருக்கு ஊர் மாறும். மிச்சப் பணத்தில் இரும்பும் தகரமும் அப்பாவே போய் வாங்கட்டும்.

கட்டை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மறுநடவுக்கு வெட்டிய பழைய மரத்திலிருந்து எடுத்ததா, வளர்ப்பவரே ஒரு கூட்டை இரண்டாகப் பிரித்து உண்டாக்கியதா என்று தெளிவாகச் சொல்பவரிடம் வாங்குங்கள். காட்டு மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டி வந்ததை அப்பா வீட்டில் வைக்க வேண்டாம்.

அப்புறம், அப்பாவையும் அழைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் போங்கள். கட்டையின் பக்கத்தில் மெழுகும் பிசினும் சேர்ந்த ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் வாசல். அதன் முன்னால் இரண்டு நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். குழாய் வாயைச் சுற்றிக் காவல் தேனீக்கள் நெருக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டும். திரும்பி வரும் தேனீக்களின் பின்னங்காலைப் பாருங்கள். மஞ்சளாகவோ வெள்ளையாகவோ சின்ன உருண்டை ஒட்டியிருந்தால் அது மகரந்தம். குஞ்சுக்குத்தான் மகரந்தம் வேண்டும், ஆகவே உள்ளே ராணி முட்டை இடுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். போக்குவரத்து இருந்தும் ஒரு தேனீ காலிலும் மகரந்தம் இல்லையென்றால் வேறு கட்டையைக் கேளுங்கள். மூடியைத் திறந்ததும் அழுகிய புளிப்பு வாடை வந்தாலோ, புழு நெளிந்தாலோ ஈ உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதை இனாமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், நான் நஷ்டப்பட்ட இடம் இது. என் அப்பாவுக்கு முதலில் வாங்கிய கூட்டை விற்றவர் வேனில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். முதல் இரண்டு வாரம் தேனீக்கள் நன்றாகத்தான் பறந்தன. மூன்றாம் வாரத்திலிருந்து குறைந்தன, இரண்டு மாதத்தில் குழாய் வாயில் சிலந்தி வலை கட்டியது. காரணம் அப்புறம்தான் தெரிந்தது. கெலுலுட் ஒவ்வொரு முட்டையையும் தனி அறையில், கூழ் போன்ற உணவின் மேல் மிதக்க இட்டு, அறையை மூடிவிடும். கட்டையைச் சாய்த்தால் அல்லது உலுக்கினால் முட்டையும் குஞ்சும் அந்தக் கூழிலேயே மூழ்கிச் சாகும். வளர்ந்த தேனீக்களுக்கு ஒன்றும் ஆகாது, அதனால் முதலில் எதுவும் தெரியாது. அவை வயதாகிச் சாகும்போது இடத்தை நிரப்ப ஆள் இருக்காது.

ஆகவே எது மேல்பக்கம் என்று கட்டையில் சாக்பீஸால் குறி போட்டுக்கொள்ளுங்கள். இருட்டிய பின், எல்லாத் தேனீயும் உள்ளே வந்த பிறகு, வாசல் குழாயை வலைத் துணியால் மூடி, நிமிர்த்தியபடியே கட்டி, மெதுவாக ஓட்டி வாருங்கள். வாங்கும் இடம் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டராவது தள்ளி இருக்கட்டும். பக்கத்துத் தெருவில் வாங்கினால் இரை தேடிப் போன தேனீ பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கிள்ளானில் வாங்கி சுங்கை சிப்புட் வரை அந்த நீண்ட தூரம் குலுக்கிக்கொண்டு போக வேண்டாம். ஈப்போ, கோலகங்சார் பக்கம் தேடுங்கள்.

விற்பவர்கள் பெரும்பாலும் ஒரு வாரம் உத்தரவாதம் தருவார்கள். மேலே சொன்ன காரணத்தால் ஒரு வாரம் போதாது. 40 நாள் கேளுங்கள், அதற்குள் செத்தால் மாற்றித் தருவதாக வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். ரசீதில் விற்பவர் பெயரும் முகவரியும் இருக்கட்டும். சொன்னபடி நடக்காவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுவுக்கு 5 ரிங்கிட்தான், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைக் கேட்பார்கள்.

அங்கே ஒரு விஷயம் உண்டு. சொந்த உபயோகத்துக்கு வாங்கியதற்குத்தான் அந்த வழி, வியாபாரத்துக்கு வாங்கியதற்கு இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "அங்கிள், பத்துக் கூடு எடுங்க, தேனை நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்" என்று ஒருவர் உங்கள் அப்பாவிடம் வரக்கூடும். புதிதாக வேலை விட்டவர் கையில் கேடபிள்யூஎஸ்பி பணம் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தேனை வாங்காமல் அவர் காணாமல் போனால், அந்தப் பத்துக் கூட்டுக்கு நடுவர் மன்றத்தில் கேட்பது கஷ்டம். ஒரு வருஷத்துக்கு ஒரு கூடு போதும் என்று அப்பாவிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் கட்டை தரையிலிருந்து ஒன்றரை, இரண்டடி உயரத்தில் நிற்கட்டும். ஸ்டேண்டின் கால்களுக்கு கிரீஸ் தடவி, வாரம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; நடுவில் மழை பெய்தால் வாரம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம். தகரக் கூரை போட்டால் கட்டைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மதியத்தில் உள்ளே வெந்துவிடும். விரிசல் ஏதும் இருந்தால் டேப் ஒட்ட வேண்டும், ஈ புகுவது அதன் வழியாகத்தான். டிங்கிக்கு மருந்துப் புகை அடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால், முந்திய இரவே வாசலை வலையால் மூடி, கட்டையைச் சாய்க்காமல் வீட்டுக்குள் தூக்கி வைத்துவிட்டு, புகை அடங்கியபின் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும்.

முதல் இரண்டு மாதம் தேனுக்காகத் திறக்க வேண்டாம். டாப்பிங் மூடிக்குக் கீழே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் இருக்கும், அதன் வழியே பார்க்கலாம். கோலிக்குண்டு அளவில் பழுப்புப் பானைகள் உண்டாகி, வாய் மூடி நிற்கும். மூடிய பானைகளில் மட்டும் சின்ன பம்பால் உறிஞ்ச வேண்டும். டாப்பிங்கில் இருப்பதைத்தான் எடுக்கலாம், கட்டைக்குள் இருப்பது தேனீக்களின் சாப்பாடு. இந்தத் தேன் புளிக்கும், தண்ணியாக இருக்கும். கெட்டுப்போனது என்று அம்மா ஊற்றிவிடாமல் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஃபிரிட்ஜில் வையுங்கள், பாட்டிலை முழுக்க நிரப்பாதீர்கள், உள்ளே நுரை எழும்.