அடையாளமில்லாத ஆறு வயர்கள்: பழைய மோட்டாரை நம்பி வாங்கலாமா?

கேள்வி: கிணற்றுப் பம்புக்காக, பழைய மோட்டார் கடையில் 7.5 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். டெர்மினல் பலகை இல்லை. பெட்டிக்குள் ஆறு வயர்களும் ஒரே நிறத்தில், எழுத்து எதுவும் இல்லாமல் கிடக்கின்றன. "எப்படிக் கட்டினாலும் ஓடும்" என்கிறார் கடைக்காரர். வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனால்தான் தெரியும் என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன். என்னிடம் இருப்பது ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: இப்போதே கொடுக்க வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், முள் உள்ள ஒரு மீட்டர், இரண்டு டார்ச் பேட்டரி, ஒட்டி எழுதுவதற்குக் கொஞ்சம் காகித டேப் ஆகியவற்றோடு உங்கள் எலக்ட்ரீஷியனைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரை மணி நேரத்தில் ஆறு முனைகளும் எவை எவை என்று தெரிந்துவிடும். இதற்காக மோட்டாரைப் பிரிக்க வேண்டியதில்லை, மின் இணைப்பும் கொடுக்க வேண்டியதில்லை. சோதனை சரியாக வந்தால், வயர்களில் எழுத்து இல்லை என்பதற்காக மட்டும் அந்த மோட்டாரை ஒதுக்கத் தேவையில்லை.

கடைக்காரர் சொல்வது தவறு. மூன்று வைண்டிங்குகளில் ஒன்று மட்டும் தலைகீழாக மாட்டப்பட்டாலும், மோட்டார் உறுமும், இழுக்கத் திணறும், மூன்று லைன்களிலும் ஆம்பியர் ஏறுக்குமாறாக நிற்கும். அப்படியே சில நிமிடங்கள் விட்டால் வைண்டிங் கருகிவிடும். ஆகவே எந்த இரண்டு வயர்கள் ஒரே வைண்டிங்கைச் சேர்ந்தவை என்பதோடு, அந்த இரண்டில் எது தொடக்கம், எது முடிவு என்பதையும் கண்டுபிடித்தாக வேண்டும். முதலாவதைக் கண்டினியூட்டி சோதனையே காட்டிவிடும். இரண்டாவதற்குத்தான் பேட்டரி தேவைப்படுகிறது.

முதலில் ஆறு வயர்களின் நுனியையும் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒன்றையொன்று தொடாதபடி விரித்து வைத்து, 1 முதல் 6 வரை எண் எழுதி டேப் ஒட்டுங்கள். எந்த வயருக்கு எந்த எண் என்பது முக்கியமில்லை, இடையில் அந்த எண் மாறக் கூடாது என்பதே முக்கியம். மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து, ஒரு முனையை 1-இல் பிடித்துக்கொண்டு, மற்றதை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் ஏதாவது ஒரே ஒரு வயரில் மட்டும் ஒலி வர வேண்டும். இப்படியே மூன்று ஜோடிகள் கிடைக்க வேண்டும். ஒரு ஜோடிக்கும் இன்னொரு ஜோடிக்கும் இடையிலோ, எந்த வயருக்கும் மோட்டார் உடலுக்கும் இடையிலோ ஒலி வரவே கூடாது.

ஜோடி கிடைத்ததும் மீட்டரை 200 ஓம் அளவுக்கு மாற்றி மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டெல்டாவில் 415 வோல்ட்டில் ஓடும் 7.5 எச்.பி. மோட்டாரில் ஒரு வைண்டிங் ஏறத்தாழ இரண்டு, மூன்று ஓம் காட்டும். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் 0.3 ஓம் போன்ற சிறு அளவை அதிலிருந்து கழித்துவிட வேண்டும். எண்ணைவிட மூன்றும் சமமாக இருப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்தோ கூடியோ இருந்தால் அங்கே ஷார்ட் அல்லது சரியில்லாத இணைப்பு உண்டு என்று கொண்டு, பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். மூன்று ஜோடிகளுக்குப் பதிலாக ஆறு வயர்களுமே ஒன்றோடொன்று ஒலித்தாலும், மூன்று மூன்றாக இரு கூட்டங்களாகப் பிரிந்து ஒலித்தாலும், அது பெரும்பாலும் இரண்டு வேக மோட்டாராக இருக்கும். அது உங்கள் ஸ்டார்ட்டருக்கு ஒத்துவராது, வாங்காதீர்கள்.

அடுத்தது பேட்டரிச் சோதனை. இதற்கு டிஜிட்டல் மீட்டர் பயன்படாது, ஏனெனில் அது நொடிக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே எண்ணைப் புதுப்பிக்கிறது, நமக்குத் தேவையான துடிப்போ அதற்குள் வந்து போய்விடும். முள் மீட்டர் இல்லையென்றால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை குறைந்ததே போதும், ஆனால் டி.சி. வோல்ட்டில் 2.5 அல்லது அதற்கும் கீழான அளவு அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், 0.5 இருந்தால் இன்னும் நல்லது. முதலில் பெரிய அளவில் தொடங்கி, முள் அசைவதைப் பார்த்துக்கொண்டே கீழே இறங்குங்கள்.

இரண்டு டார்ச் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, முதல் ஜோடியின் ஒரு வயரில் மைனஸை இறுக்கிவிட்டு, பிளஸை மற்ற வயரில் சட்டென்று தொட வேண்டும். அந்த நொடியில் அந்த வைண்டிங்கில் எழும் காந்தப்புலம் பக்கத்து வைண்டிங்கையும் வெட்டுகிறது. மூன்று வைண்டிங்குகளும் 120 டிகிரி இடைவெளியில் அமைந்திருப்பதால், பக்கத்து வைண்டிங்கில் அது பாதி அளவில், எதிர்த்திசையில் விழுகிறது. இந்த எதிர்த்திசைதான் நமக்கு வேண்டிய அடையாளம். மீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகளை இன்னொரு ஜோடியில் மாட்டியிருக்கும்போது, பேட்டரியைத் தொடும் கணத்தில் முள் வலப்பக்கம் துள்ளினால், பேட்டரியின் பிளஸ் உள்ள வயரும் மீட்டரின் கறுப்பு உள்ள வயரும் ஒரே வகை, அதாவது இரண்டும் தொடக்கம். இந்த ஒரு விதியை மட்டும் ஒரு சீட்டில் எழுதி மோட்டார்மேல் ஒட்டிக்கொண்டால் போதும்.

பெரும்பாலோர் தவறுவது தொடுவதிலும் எடுப்பதிலும்தான். பேட்டரியை எடுக்கும்போதும் முள் துள்ளும், ஆனால் எதிர்ப்பக்கமாக, பெரும்பாலும் தொடும்போது வந்ததைவிடப் பலமாகத் துள்ளும். வயரை உரசி உரசித் தொட்டால் இரண்டும் கலந்து, முள் இங்குமங்கும் ஆடும், கண் பலமான அசைவையே எடுத்துக்கொண்டுவிடும். நானும் ஒருமுறை அப்படித்தான் எடுக்கும் துள்ளலைத் தொடும் துள்ளலாக எழுதிவிட்டு, இரண்டு வைண்டிங்குகளைத் தலைகீழாகக் குறித்திருந்தேன். இப்போது ஒரே இழுப்பில் தொட்டு, மூன்று எண்ணும் வரை பிடித்து, முள் பூஜ்யத்துக்குத் திரும்பிய பிறகே எடுக்கிறேன். முள் இடப்பக்கம் துள்ளினால் தடுப்பில் இடித்து நின்றுவிடுவதால் அதைச் சரியாகக் காண முடியாது. அப்படித் தோன்றினால் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றி, தொடும்போது தெளிவாக வலப்பக்கம் துள்ளும் வரை திரும்பச் செய்யுங்கள். சோதனை நடக்கும்போது மோட்டார் அச்சை யாரும் தொட வேண்டாம், ரோட்டரில் எஞ்சியுள்ள காந்தத்தால் அச்சு லேசாகத் திரும்பினாலும் முள் அசையும். பேட்டரியை எடுக்கும் கணத்தில் வைண்டிங் முனைகளில் விரல்பட்டால் சுருக்கென்று அடிக்கும், ஆகவே வயரை இன்சுலேஷன் உள்ள இடத்திலேயே பிடியுங்கள். லாரி பேட்டரி போன்றவற்றைக் கொண்டுவராமல் டார்ச் பேட்டரியோடு நிற்பதும் இதற்காகத்தான்.

ஒரு மோட்டாரில் வந்தது போல எடுத்துக் காட்டுகிறேன். ஜோடிகள் 1-4, 2-6, 3-5 என்று கிடைத்தன, மீட்டர் வயரின் தடையைக் கழித்தபின் 2.3, 2.3, 2.4 ஓம். பேட்டரியின் பிளஸை 1-இலும் மைனஸை 4-இலும் வைத்து, 1-ஐத் தொடக்கம் என்று பெயரிட்டாயிற்று. மீட்டரின் சிவப்பு 2-இல், கறுப்பு 6-இல் இருக்க, தொட்டதும் முள் வலப்பக்கம் துள்ளியது, எனவே 6 தொடக்கம், 2 முடிவு. அடுத்து சிவப்பு 3-இல், கறுப்பு 5-இல் வைத்தபோது முள் இடப்பக்கம் இடித்தது. முனைகளை மாற்றி, சிவப்பை 5-இலும் கறுப்பை 3-இலும் வைத்ததும் வலப்பக்கம் துள்ளியது, எனவே 3 தொடக்கம், 5 முடிவு. மோட்டார்களில் வழக்கமாக எழுதும் பெயர்களில், 1 தொடக்கத்தையும் 2 முடிவையும் குறிக்க, இனி 1-4 என்பது யூ1-யூ2, 6-2 என்பது வி1-வி2, 3-5 என்பது டபிள்யூ1-டபிள்யூ2.

இதை உறுதிசெய்ய எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழி உண்டு. முடிவுகளான 2-ஐயும் 5-ஐயும் ஒன்றாக முறுக்கி, மீட்டரை 6-க்கும் 3-க்கும் இடையில் மாட்டி, முன்போலவே 1-4-இல் பேட்டரியைத் தொடுங்கள். குறித்தது சரியென்றால் இரண்டு வைண்டிங்குகளிலும் சமமாக எழும் துடிப்புகள் ஒன்றையொன்று தீர்த்துவிடும், முள் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஒன்று தலைகீழாக இருந்தால் இரண்டும் கூடி, முள் முன்பைவிட இரு மடங்கு துள்ளும். ஆனால் இது 2-6, 3-5 இரண்டையும் ஒன்றோடொன்று மட்டுமே ஒப்பிடுகிறது, இரண்டுமே தலைகீழாக இருந்தாலும் முள் அசையாது. ஆகவே பேட்டரியை 6-2-க்கு மாற்றி, 4-ஐயும் 5-ஐயும் முறுக்கி, மீட்டரை 1-க்கும் 3-க்கும் இடையில் மாட்டி இன்னொரு முறை பாருங்கள். இரண்டு முறையும் முள் அசையாமல் நின்றால் சந்தேகம் இருக்காது.

முதல் வயரைத் தொடக்கம் என்று நாமாகவே வைத்துக்கொண்டது பற்றிக் கவலை வேண்டாம். உண்மையில் அது முடிவாக இருந்தாலும், மூன்றும் சேர்ந்தே தலைகீழாகும், மோட்டாருக்கு அதில் வேறுபாடு இல்லை. எதை யூ, எதை வி என்று அழைத்தோம் என்பதால் மாறக்கூடியது சுழலும் திசை மட்டுமே. பம்பு தலைகீழாகச் சுற்றினால், ஸ்டார்ட்டருக்கு வரும் மூன்று லைன்களில் இரண்டை மாற்றுங்கள், மோட்டார் பெட்டிக்குள் கைவைக்காதீர்கள். ஸ்டார்ட்டரில் இணைக்கும்போது, டெல்டாவில் யூ1-உடன் டபிள்யூ2, வி1-உடன் யூ2, டபிள்யூ1-உடன் வி2 சேர வேண்டும். நம் எண்களில் அது 1-5, 6-4, 3-2.

இந்தச் சோதனை சொல்லாத சிலவும் உண்டு. ஒரு வைண்டிங்குக்குள் சில சுற்றுகள் மட்டும் ஷார்ட் ஆகியிருந்தால் ஓம் அளவில் அது தெரியாமல் போகலாம். ஈரம் குடித்த இன்சுலேஷனும் இதில் தெரியாது. ஆகவே இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் உடலுக்கும் இடையிலும், வைண்டிங்குகளுக்கு இடையிலும் பார்க்கச் சொல்லுங்கள், 1 மெகாஓமுக்குக் கீழ் காட்டினால் அந்த நிலையில் வாங்க வேண்டாம். கடையில் மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால், பம்பில் இணைக்காமல் வெறுமனே ஓடவிட்டு, வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரால் மூன்று லைன்களையும் அளக்கச் சொல்லுங்கள். முழுச் சுமையில் 11 ஆம்பியர் அளவில் இழுக்கும் இந்த மோட்டார், டெல்டாவில் சுமையின்றி நான்கைந்து ஆம்பியர் இழுப்பது இயல்பு, மூன்றும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். உறுமல் கேட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக வந்தபின், டேப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வயரிலும் எண் பொறித்த ஸ்லீவ் போட்டு, புதிய டெர்மினல் பலகை பொருத்தித் தரும்படி கேளுங்கள், பலகையின் விலையை மீதிப் பணத்தில் கழிக்கச் சொல்வதும் நியாயமே. பில்லில் "7.5 எச்.பி., 415 வோல்ட், ஆறு முனை, டெல்டா" என்பதோடு, அன்று அளந்த மூன்று ஓம் எண்களையும் மெக்கர் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.