ஜூனியர் வைத்தால் கட்சிக்காரர் போய்விடுவாரா?

"உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பதினோரு வருடமாக வக்கீலாக இருக்கிறேன். சட்டக் கல்லூரி முடித்த ஒரு பெண் ஜூனியராகச் சேரக் கேட்கிறார். தொழில் கற்றதும் நம் கட்சிக்காரரையே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். சேர்த்துக்கொண்டால் எனக்கு என்ன வரும்?" - வாசகர், மதுரை

ஒன்றிரண்டு கட்சிக்காரர்கள் போவார்கள் சார், இல்லையென்று சொல்லமாட்டேன். அதற்குப் பயந்து வக்காலத்தில் ஜூனியர் பெயரையே போடாத சீனியர்கள் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். பெயர் இல்லாத ஜூனியர் கோர்ட்டில் வாய்தா கேட்பதற்கு மேல் வளரமாட்டார். வளராதவரால் உங்களுக்கும் ஒன்றும் வராது.

என் கதையைச் சொல்கிறேன். புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் என்னிடம் நான்கு வருடம் இருந்தான். இரண்டாம் மேல்முறையீட்டில் நடந்த கதையைத் திரும்பப் பேச முடியாது, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தாக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அவனுக்குப் பழக்கினேன். கீழ்க் கோர்ட்டுகள் இரண்டின் தீர்ப்பையும் ஒரு வெள்ளைத்தாளையும் கையில் கொடுத்து, "இரண்டு கோர்ட்டும் எங்கே சட்டத்தைத் தவறவிட்டன, எழுது" என்பேன். ஆரம்பத்தில் நான்கு பக்கம் குடும்பக் கதை எழுதி வருவான். எட்டாவது மாதம்தான் நான்கு வரிக்கு வந்தான்.

பிறகு சொந்த ஊரில் தனியாக ஆபீஸ் போட்டுவிட்டான். ஒன்றரை வருடம் ஒரு போன் கிடையாது. ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டான். பாகப்பிரிவினை வழக்கு. மகள் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று இரண்டு கோர்ட்டும் சொல்லிவிட்டன. ஆதாரம் ஒரு விடுதலைப் பத்திரம். "சார், அது பதிவே ஆகவில்லை" என்றான். அவ்வளவுதான், எனக்கு வேண்டிய கேள்வி வந்துவிட்டது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தில் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு 90 நாள் கெடு. நான் சொல்வதற்கு முன்பே தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டிருந்தான். மேல்முறையீடு விசாரணைக்கு ஏற்கப்பட்டது.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. அந்த ஊரில் அவனுக்கு எதிராக ஆஜராகும் வக்கீல் ஒருவர், தன்னுடைய வேறொரு வழக்குக்காக என்னை அழைத்தார். விளம்பரம் செய்யக் கூடாது, வாசலில் வைக்கும் போர்டுகூட அளவாகத்தான் இருக்க வேண்டும் என்பது நம் தொழிலின் விதி. முன்பின் தெரியாத ஊரில் நம் பெயரைச் சொல்ல, நம்மிடம் வேலை கற்றுப்போனவனை விட்டால் ஆள் ஏது?

இங்கே ஒரு எச்சரிக்கை. புரோக்கர்கள் முதலில் பிடிப்பது உங்களை அல்ல, உங்கள் ஜூனியரை. அரசு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவன், "விபத்து கேஸ் தருகிறேன், சீனியரிடம் சொல்லாதே, எனக்கு இத்தனை சதவீதம்" என்பான். கையில் காசில்லாத பிள்ளை ஒத்துக்கொள்ளும். புரோக்கரோடு பீஸைப் பங்கு போடுவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம். பழைய ஜூனியர் வேலை செய்து அனுப்பும் வழக்கு அப்படியில்லை. அவரையும் வக்காலத்தில் சேர்த்து பீஸைப் பகிரலாம், இருவரும் வக்கீல்கள்தானே. ஆபீஸுக்குத் திடீரென்று ஒரே ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று நான்கு விபத்து வழக்குகள் வந்தால் கட்சிக்காரரைத் தனியாக உட்காரவைத்து, யார் அனுப்பியது என்று கேளுங்கள்.

அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்தால் பாதி ஆபத்து போய்விடும். 2024இல் உயர் நீதிமன்றம் சொன்னது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000. சுற்றறிக்கை வந்தது. கொடுக்கிறார்களா என்று பார்க்கத்தான் ஒருவரும் வரவில்லை. இன்றைக்கும் பஸ் காசு கொடுத்துவிட்டு "தொழில் கற்றுக்கொடுக்கிறேனே" என்கிறவர்களை என்ன செய்வது?

அப்புறம், ஜூனியர் நீதிபதியாகிவிட்டால்? இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நெருங்கிய உறவினர் நீதிபதியாக இருக்கும் கோர்ட்டில் ஆஜராகக் கூடாது என்று விதி சொல்கிறது. அந்த உறவுப் பட்டியலில் பழைய ஜூனியர் இல்லை. விதிப்படி ஆஜராகலாம்தான். ஆனாலும் நான் ஆஜராவதில்லை, வழக்குக் கட்டை வேறொருவரிடம் கொடுத்துவிடுவேன். நீங்கள் ஜெயித்தால் எதிர்த்தரப்பு ஒன்று பேசும், அந்த நீதிபதிக்கும் சங்கடம். இன்னொன்று, "அவர் என் ஜூனியர்" என்று கட்சிக்காரரிடம் வாய்தவறியும் சொல்லாதீர்கள். ஒருமுறை என் குமாஸ்தா பெருமைக்காகச் சொல்லிவிட்டார். மறுநாள் கட்சிக்காரர் கையில் கவரோடு வந்து, "நீங்களே கொடுத்துவிடுங்கள்" என்று நின்றார். கட்டைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். அந்தப் பேச்சு பார் முழுக்கச் சுற்றி அடங்க ஒரு வருடம் ஆயிற்று.

சரி, அந்தப் பெண்ணைத் திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லுங்கள். முதல் நாளே வாய்தாவுக்கு அனுப்பாமல், நீங்கள் தோற்ற வழக்கு ஒன்றின் கட்டை எடுத்துக் கொடுங்கள்.