கிளைக்கு 3 மாதம் என்று பிரித்தால் ஆடிட் திட்டம் ஆகாது

கேள்வி: கும்பகோணம், தஞ்சை, மயிலாடுதுறை, மன்னார்குடியில் எங்களுக்கு 4 மருத்துவமனைகள். உள் தணிக்கையில் 3 பேர் இருக்கிறோம். இதுவரை கிளைக்கு 3 மாதம் என்று போய்வந்தோம். இந்த ஆண்டு இடர் அடிப்படையில் திட்டம் கேட்கிறது தணிக்கைக் குழு. எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் கையிலிருக்கும் நாட்களை எண்ணுங்கள். 3 பேர், ஆளுக்கு 240 நாள் என்றால் 720. விடுப்பு, பயிற்சி, பழைய குறைகளைத் திரும்பிப் பார்ப்பது, நிர்வாகம் திடீரென்று தரும் வேலை எல்லாம் போக 420 மிஞ்சினால் நல்லது. பங்கு போட வேண்டியது இந்த 420-ஐத்தான்.

அப்புறம் கிளைகளை மறந்துவிட்டு வேலைகளைப் பட்டியலிடுங்கள்: மருந்தகம், காப்பீட்டு பில், அட்வான்ஸ் திருப்பித் தருவது, இம்பிளாண்ட், கேன்டீன் என்று. ஒவ்வொன்றுக்கும் பாதிப்புக்கு 1 முதல் 5, நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5 போட்டுப் பெருக்குங்கள்.

இம்பிளாண்டையே எடுத்துக்கொள்வோம். ஸ்டென்ட்டையும் மூட்டு இம்பிளாண்டையும் சப்ளையர் நம் அலமாரியில் வைத்துவிட்டுப் போவார். பொருத்திய பிறகுதான் கொள்முதல் கணக்கில் ஏறும். அதுவரை நம் ஸ்டாக்கில் அது இல்லை. ஆகவே வாய்ப்பு 4. ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் மூட்டு இம்பிளாண்டுக்கும் 2017 முதல் அரசின் விலை உச்சவரம்பு உண்டு; மீறி வசூலித்தால் வட்டியோடு கட்ட நேரும். பாதிப்பும் 4. பெருக்கினால் 16. கேன்டீன் 3-ஐத் தாண்டாது. கேத் லேபும் எலும்பு அறுவை அரங்கும் உள்ள கிளைகளில் மட்டும் இம்பிளாண்டுக்கு 60 நாள் ஒதுக்குவேன்.

அந்த 60 நாளில் பார்ப்பது மூன்று தாள்கள்: கேஸ் ஷீட்டில் ஒட்டிய ஸ்டிக்கர், நோயாளியின் பில், சப்ளையர் இன்வாய்ஸ். மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மருத்துவமனையில் ஒரே சீரியல் எண் இரண்டு நோயாளிகளின் பில்லில் இருந்ததைக் கண்டேன். ஒரு கேஸ் ஷீட்டில் ஸ்டிக்கரே இல்லை. தொகையை மட்டும் சரிபார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

மதிப்பெண்ணில் இரண்டு இடத்தில் சறுக்கும். துறைத் தலைவர்களிடமே விட்டால் எல்லாவற்றுக்கும் 3 போடுவார்கள். பட்டியல் முழுக்க 9 வந்தால் அது மதிப்பீடே இல்லை. நிராகரிக்கப்பட்ட கிளெய்ம், ரத்தான பில், ஸ்டாக் வித்தியாசம் ஆகியவற்றின் கடந்த ஆண்டு எண்ணிக்கையை வைத்து நீங்களே போடுங்கள். இன்னொன்று, ஆக்சிஜன் சப்ளை மாதிரியானவை. பாதிப்பு 5, வாய்ப்பு 1, பெருக்கினால் 5 என்று அடியில் போய்விடும். அது தப்பு. பாதிப்பு 5 வாங்கிய எதையும், பெருக்குத்தொகை எதுவானாலும், 2 ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்தே தீர வேண்டும் என்று விதி வையுங்கள்.

நாள் குறிக்கும்போது ஐப்பசி, கார்த்திகையை வார்டு ஆடிட்டுக்கு வைக்காதீர்கள். மழையும் காய்ச்சலும் சேர்ந்து படுக்கை நிறைந்திருக்கும். நர்ஸைக் கூப்பிட்டுக் கேஸ் ஷீட் கேட்பது நியாயமில்லை. அந்த மாதங்களில் அலுவலகத்தில் உட்கார்ந்தே பார்க்கக்கூடிய காப்பீட்டு பில்லை வையுங்கள்.

நாள் போதாமல் விடுபட்டவற்றையும் அவற்றின் மதிப்பெண்ணோடு திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி, தணிக்கைக் குழுவிடம் அந்தப் பக்கத்துக்கும் ஒப்புதல் வாங்குங்கள்.