அம்மாவின் வலி மாத்திரையும் துபாய் பயணமும்

"முழங்கால் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த டிரமடால், பாராசிட்டமால் கலந்த மாத்திரையை அம்மா தினம் இரண்டு சாப்பிடுகிறார்கள். துபாயில் தம்பி வீட்டில் மூன்று மாதம் இருக்கப் போகிறார்கள். மொத்தமாக 180 மாத்திரை வாங்கிக் கொடுத்து அனுப்பலாமா? இங்கே கடையில் விற்பது அங்கே எப்படிக் குற்றமாகும்?" - வாசகி, திருமங்கலம்

அப்படியே அனுப்பாதீர்கள். துபாய் இருக்கட்டும், மதுரையிலேயே இதற்குக் கணக்கு உண்டு. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிராண்டு பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் டிரமடால் ஹைட்ரோகுளோரைடு என்று இருக்கும். 2018 ஏப்ரலில் அது நம் நாட்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதன் விதிப்படி ஒருவர் சொந்த மருத்துவத் தேவைக்கு ஒரே நேரத்தில் 100 மாத்திரை வரைதான் வைத்திருக்கலாம். நீண்டநாள் சிகிச்சை என்று டாக்டர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் 300 வரை போகலாம். ஆக, உங்கள் 180க்கு அந்தச் சீட்டு கட்டாயம் வேண்டும்.

சரி, நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது? போதைப்பொருள் பற்றிய 1961, 1971 ஆண்டுகளின் ஐ.நா. ஒப்பந்தங்களில் உலகப் பொதுப் பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ளதை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் கட்டுப்படுத்தியாக வேண்டும், இல்லாததையும் சேர்த்துக்கொள்ளலாம். டிரமடால் அந்தப் பட்டியல்களில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2018லும் பரிசீலித்து, சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை. மார்ஃபின் கிடைக்காத ஏழை நாடுகளிலும் போர் நடக்கும் இடங்களிலும் கடும் வலிக்கு இதை விட்டால் வேறு வழி குறைவு; கட்டுப்பாடு வந்தால் அதுவும் கைக்கு எட்டாது. எனக்கு அந்த முடிவு நியாயமாகவே படுகிறது.

முடிவு அந்தந்த நாட்டின் கையில் இருப்பதால், ஒவ்வொன்றும் தன் ஊர் அனுபவத்தை வைத்து இடம் கொடுக்கிறது. அமெரிக்கா 2014இல் நான்காம் அட்டவணையில் வைத்தது. மார்ஃபின் அங்கே இன்னும் கடுமையான இரண்டாவதில். இரண்டும் அபின் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகைதான். அடிமையாக்கும் ஆபத்து டிரமடாலில் குறைவு என்பது அவர்கள் கணிப்பு. இந்தியாவில் இது ஏராளமாகத் தயாராகி, போதைக்காகக் கைமாறவும் வெளிநாடுகளுக்குக் கடத்தப்படவும் தொடங்கிய பிறகே பிடி இறுகியது. மருந்து அதேதான், தப்பாகப் போன வழி ஊருக்கு ஊர் வேறு.

ஐக்கிய அரபு அமீரகத்தில் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. பயணத்துக்கு முன்பே அந்நாட்டு அரசின் இணையதளத்தில் அனுமதி வாங்க வேண்டும். டாக்டர் சீட்டு, நோய் விவரம் எழுதிய மருத்துவ அறிக்கை, பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். அனுமதித்த எண்ணிக்கையை, பிரிக்காத அட்டையோடு கைப்பையில் கொண்டுபோகட்டும். டப்பாவில் கொட்டி எடுத்துப்போனால் அது என்ன மாத்திரை என்று காட்ட வழியில்லை.

மூன்று மாதத்துக்கு அனுமதி கிடைக்காமலும் போகலாம். அப்போது பயந்துகொண்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவிடாதீர்கள். தினமும் சாப்பிட்டவர்களுக்கு வியர்வை, பதற்றம், தூக்கமின்மை வரும். அளவைப் படிப்படியாகக் குறைக்க நாள் பிடிக்கும். அதனால் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பார்த்து, வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள்.