காலை அகட்டி நின்றும் ஏன் விழுகிறான்?

*“என் மகனுக்கு 13 வயது, ஜூடோ கற்கிறான். காலை நன்றாக அகட்டி, முழங்காலை மடித்துத் தாழ்ந்துதான் நிற்கிறான். ஆனாலும் அவனைவிடக் குட்டையான பையன் மல்லாக்க விழவைத்துவிடுகிறான். 10 வயது மகள் ஜிம்னாஸ்டிக்ஸில் பீம் மேல் ஏறினாலே தடுமாறுகிறாள். தாழ்ந்து, அகன்று நின்றால் விழ மாட்டோம் என்றுதானே பள்ளியில் படித்தோம்?” — வாசகி, திருச்சி*

படித்தது சரிதான் சகோதரி. எந்தப் பக்கமாக விழாமல் இருப்போம் என்பதைத்தான் பாடத்தில் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

நிமிர்ந்து நிற்பவரின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலுக்குள் இருக்கும். அங்கிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது தரையில் தொடும் இடம் தாங்கு பரப்புக்குள் இருக்கும்வரை நிற்கலாம். தாங்கு பரப்பு என்பது இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடையே உள்ள இடமும் சேர்ந்தது.

உங்கள் மகன் 60 செ.மீ. அகட்டி நிற்கிறான் என்று கொள்வோம். பக்கவாட்டில் அவனைச் சாய்ப்பது கடினம். ஆனால் முன்பின்னாகப் பார்த்தால் அவன் தாங்கு பரப்பு ஒரு பாதத்தின் நீளம்தான், 23 அல்லது 24 செ.மீ. அதிலும் குண்டு தொங்குவது கணுக்காலுக்குச் சற்று முன்னால். அங்கிருந்து குதிகாலின் விளிம்புக்கு 10 செ.மீ. அளவுதான் மிச்சம். காலை இன்னும் அகட்டினாலும் அந்த இடைவெளி அதிகமாகாது. இரண்டு பாதங்களையும் இணைக்கும் கோட்டுக்குக் குறுக்காக, நேர் பின்னால் தள்ளினால் போதும். அந்தக் குட்டைப் பையன் அதைத்தான் கண்டுபிடித்திருக்கிறான்.

ஜூடோவில் இதற்குப் பெயர் குசுஷி, அதாவது நிலை குலைத்தல். 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, எறிவதற்கு முன்னால் இதையே வைத்தார். ஒசோதோகாரி எறிதலைப் பாருங்கள். முதலில் எதிராளியைப் பின்மூலைக்குத் தள்ளி, அவன் எடையை ஒரே குதிகாலில் இறக்குவார்கள். பிறகுதான் அந்தக் காலை வாருவார்கள். மையம் விளிம்புக்குப் போய்விட்ட பிறகு தாங்கு பரப்பையும் பறிப்பதால் பலம் அதிகம் வேண்டியதில்லை. குட்டையாக இருப்பதும் அனுகூலமே. முதுகின் மேல் ஏற்றி எறியும் செயோய்நாகேயில் எறிபவர் தன் இடுப்பை எதிராளியின் ஈர்ப்பு மையத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். குட்டையானவர் அதற்கு அதிகம் குனிய வேண்டாம்.

மகளுக்கும் இதே கணக்குதான், திசை மட்டும் வேறு. பீமின் அகலம் 10 செ.மீ. அவள் பாதம் 8 செ.மீ. இருக்கலாம், ஒன்றன் முன் ஒன்றாக அடி வைத்தால், முன்பின்னாக இடம் தாராளம். பக்கவாட்டில் நடுவிலிருந்து விளிம்புக்கு 4 செ.மீ.தான். 140 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு மையம் சுமார் 77 செ.மீ. உயரத்தில் இருக்கும். கணக்குப் போட்டால், உடல் விறைப்பாக 3 டிகிரி சாய்ந்தாலே மையம் விளிம்பைத் தாண்டிவிடும். குந்தி மையத்தை 45 செ.மீ.க்கு இறக்கினால் 5 டிகிரி கிடைக்கும். இரண்டு டிகிரிக்காக ஆட்டம் முழுக்கக் குந்தியே இருக்க முடியாதே!

அதனால் பீமில் விழாமல் இருப்பது இடுப்பின் வேலை. வலப்பக்கம் சாயும்போது மேலுடம்பை இடப்பக்கம் வீசத்தான் தோன்றும். அப்படி வீசினால் இடுப்பு வலப்பக்கம் பிதுங்கி, விழுவது விரைவாகும். இடுப்பை இடப்பக்கம் தள்ள வேண்டும். தோள்கள் வலப்பக்கம் வளைந்தால் வளையட்டும். அப்போது பாதம் பீமை வலப்பக்கமாக உதைக்கும், அதன் எதிர்விசை மையத்தை இடப்பக்கம் திருப்பிக் கொண்டுவரும். தரையில் ஒட்டிய கோட்டின் மேல் இதைப் பழகிவிட்டுப் பிறகு தாழ்வான பீமுக்குப் போகலாம். தடுமாறும்போது கைகளைத் தலைக்கு மேல் தூக்கினால் மையம் சில செ.மீ. உயர்ந்துவிடும், பக்கவாட்டில் நீட்டி வைத்திருப்பதே நல்லது.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாத் திசையிலும் பலமான நிலை என்று இரண்டு கால் மனிதனுக்கு எதுவும் கிடையாது. வலது காலை அரை அடி முன்வைத்தாலும் பலவீனமான கோடு சற்றுத் திரும்புமே தவிர மறையாது. அகலமாக ஊன்றி நிற்பவனுக்கு இன்னொரு தொல்லை: காலைச் சட்டென்று எடுத்து வைக்க முடியாது. தோள் அகலத்தில், முழங்கால் தளர்வாக நிற்கட்டும். தள்ளப்பட்டால் எதிர்த்து முட்டாமல், மையம் போகும் பக்கம் பாதத்தைக் கொண்டுபோகட்டும். முட்டினால் அந்த விசையையே பிடித்து முன்னால் இழுத்து எறிவார்கள். அடி வைக்கும்போது பாதம் பாயை உரசியபடி நகர வேண்டும், இரண்டு கால்களும் ஒட்டிவிடக் கூடாது. எடை இறங்கப்போகும் நொடியில் பாதத்தைத் தட்டிவிட தேஆஷிபராய் என்றே ஓர் எறிதல் இருக்கிறது.

அடுத்த பயிற்சியில் அவன் கால் விரல்களைக் கவனியுங்கள். அவை பாயிலிருந்து எழும்பினால் எடை குதிகாலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். எதிராளி வாருவதற்கு முன்பே குசுஷி நடந்து முடிந்துவிட்டது.