அங்கதமா, கேலியா? கேள்வி பதில்

ஒரு ஆளைக் குறிவைத்தால் கேலி, பொதுவாகச் சொன்னால் அங்கதம். அவ்வளவுதானே?

பாதி சரி. ஆனால் புறநானூறு 95-ல் குறி ஒரே ஆள்தான். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் பாடியது அது. உன் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள அரண்மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். பாராட்டு போலத்தான் காதில் விழும். போரே பார்க்காத வேல் என்பது உள்ளே இருக்கிறது. இப்படி மறைத்துச் சொல்லும் அங்கதத்தைத் தொல்காப்பியம் பழிகரப்பு என்கிறது. ஔவை தொண்டைமானின் உடம்பையோ பிறப்பையோ தொடவில்லை, அவன் காட்டிக்கொண்ட பெருமையைத்தான் தொட்டார். அதுவும் படை வைத்திருக்கும் அரசனின் முகத்துக்கு நேரே.

குடியிருப்பு ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதுகிறேன். வாட்ச்மேனின் தப்பு இங்கிலீஷுக்குத்தான் எல்லாரும் சிரிக்கிறார்கள். அதை எடுத்தால் நாடகமே இல்லை.

எடுக்க வேண்டாம், திருப்பிவிடுங்கள். அவரை இங்கிலீஷ் பேசச் சொன்னது யார்? அந்தப் பழக்கத்தை மேடையேற்றுங்கள். செயலாளர் கேட்டில் நின்று பாடம் நடத்துகிறார். வெளியே தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கிறது. "சார், லாரி வந்திருக்கு." "இங்கிலீஷ்ல சொல்லு." வாட்ச்மேன் யோசிப்பதற்குள் லாரி நகர்ந்துவிடுகிறது. செயலாளர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்: "யோவ், நில்லுய்யா!" சிரிப்பு இப்போது இவர் மேல்.

ஆனால் வசனத்தை மாற்றினால் மட்டும் போதாது. வாட்ச்மேனாக நடிப்பவர் கோணலாக நடந்து, இழுத்து இழுத்துப் பேசினால் சிரிப்பு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஒத்திகையில் எந்த வரிக்குச் சிரிப்பு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். லாரி வருவதற்கு முன்பே வந்தால் நடிப்பைத் திருத்த வேண்டும். அப்புறம், உங்கள் வாட்ச்மேனிடம் காட்டி "நல்லா இருக்கு சார்" என்று சொல்லவைத்துவிட்டால் சரியாகிவிடும் என நினைக்காதீர்கள். சம்பளம் கொடுக்கிறவர்களிடம் அவர் வேறென்ன சொல்வார்?

அண்ணி எதற்கெடுத்தாலும் செல்ஃபி எடுப்பதை எல்லார் முன்னாலும் கிண்டலடித்தேன். இப்போது பேசுவதே இல்லை. இதை அங்கதமாக எப்படிச் சொல்லியிருக்கலாம்?

முதலில் அண்ணியிடம் மன்னிப்புக் கேளுங்கள். எழுத்தை அப்புறம் பார்க்கலாம்.

எனக்குத் திக்குவாய். மேடையில் என் திக்கலை நானே கிண்டலடிப்பேன், கைதட்டல் விழும். இதுவும் தப்பா?

உங்கள் வாழ்க்கையைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, தப்பு என்று சொல்ல மாட்டேன். என் ஆசை, திக்கும்போது வார்த்தையை முந்திக்கொண்டு முடித்துவைக்கிறார்களே, அவர்களை மேடையேற்றுங்கள் என்பதுதான். ஆனால் கூட்டத்தில் இன்னொரு திக்குவாய்ப் பையன் இருந்தால், மறுநாள் வகுப்பில் உங்கள் வரியையே அவன்மேல் வீசுவார்களே, அதற்கு என்ன செய்வது? எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.